ஜம்பர் 3.3-இல், கம்பியில் 5 வோல்ட்: சோமனூர் தறிக்குடோனில் ஒரு சீரியல் அடாப்டர்

சோமனூர் பக்கம் ஒரு தறிக்குடோனில் விசைத்தறிகளுக்கு நான் செய்து கொடுத்த பிக் எண்ணும் பெட்டிகள் ஓடுகின்றன. தறி ஒவ்வொரு முறை ஊடை அடிக்கும்போதும் ஒரு பிராக்ஸிமிட்டி சென்சார் அதைப் பார்த்து எண்ணிக்கையைக் கூட்டும். ஷிப்டுக்கு எத்தனை பிக் ஓடியது, தறி எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பெட்டியின் எல்.சி.டி. காட்டும். பழைய கணக்கு வேண்டுமென்றால் யூ.எஸ்.பி. சீரியல் அடாப்டரைச் செருகி லேப்டாப்பில் இறக்கிக் கொள்ளலாம்.

நெடுநாள் சிக்கல் இல்லாமல் ஓடியது. பிறகு ஒருநாள் ஓனரின் மகன் போன் செய்தார். "அண்ணா, டிஸ்ப்ளே போச்சுங்க. மேல் வரி பூரா கறுப்புக் கட்டமா நிக்குது. வேற டிஸ்ப்ளே மாத்திப் பார்த்தும் அதே கட்டந்தானுங்க." இன்னொன்றும் சொன்னார். ஷிப்ட் மாறும்போது பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டால் ஷிப்ட் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அது சில பெட்டிகளில் நடக்கவில்லை, போன ஷிப்டின் எண்ணிலிருந்தே ஓடுகிறது. மூன்றாவதாக, ஒரு பெட்டி லேப்டாப் அனுப்பும் கட்டளைக்குப் பதிலே சொல்வதில்லை, ஆனால் தானாக நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் வரி மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது.

கேட்டால் மூன்றும் தனித்தனிக் கோளாறு போலத்தான் இருக்கும். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். பழைய அடாப்டர் ஒன்று தொலைந்துபோய், புதிதாகச் சில அடாப்டர் வாங்கியிருந்தார்கள். முன்பு கணக்கு இறக்கியதும் அடாப்டரைக் கழற்றிவிடுவார்கள். இப்போது ஆளுக்கொன்று இருப்பதால், யூ.எஸ்.பி. கரண்டையும் எடுக்காமல், பெட்டியிலேயே செருகி வைத்துவிட்டார்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

உள்ளே 12 வோல்ட் பவர் சப்ளை, அதிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கும் ஒரு சின்ன மாட்யூல். 5 வோல்ட்டில் 16x2 எல்.சி.டி. ஓடுகிறது. அதே 5 வோல்ட் ஒரு STM32F103C8 போர்டுக்கும் போகிறது. "ப்ளூ பில்" என்று கடைகளில் கேட்டு வாங்கும் அந்த நீலப் போர்டுதான். போர்டிலேயே 3.3 வோல்ட் ரெகுலேட்டர் உண்டு. போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்தாலும் சிப் வேலை செய்வது 3.3 வோல்ட்டில். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். போர்டில் 5V என்று அச்சடித்த கால் இருக்கிறது என்பதற்காக அதன் மற்றக் கால்களும் 5 வோல்ட்டைத் தாங்கும் என்று ஆகிவிடாது.

பெட்டிக்கு வெளியே மூன்று கால் தலைப்பு, அதாவது கேபிள் செருகும் ஹெட்டர்: GND, TX, RX. VCC வேண்டுமென்றே கொடுக்கவில்லை. பெட்டிக்குத் தனி சப்ளை இருக்கும்போது அடாப்டரின் VCC-யையும் இணைத்தால் இரண்டு சப்ளைகள் ஒன்றோடொன்று மோதும். மூன்று கம்பி போதும்: GND-க்கு GND, அடாப்டரின் TX பெட்டியின் RX-க்கு, அடாப்டரின் RX பெட்டியின் TX-க்கு. அடாப்டருக்குப் போகும் கேபிளில் இந்தக் குறுக்கு இணைப்பு சரியாகவே இருந்தது.

பெட்டியின் முதல் சீரியல் போர்ட்டான PA9, PA10 கால்கள் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஆர்.எஸ்.485 லைனுக்குப் போய்விட்டன. அதனால் சர்வீஸ் தலைப்பு இரண்டாவது போர்ட்டான PA2, PA3-இல் இருக்கிறது. PA2 அனுப்பும், PA3 வாங்கும். இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது.

முதலில் அடாப்டரைத் தனியாக அளந்தோம்

குடோனுக்குப் போனதும் டிஸ்ப்ளேயைத் தொடவில்லை. புதிய அடாப்டரைக் கழற்றி, பெட்டியோடு இணைக்காமல், லேப்டாப்பில் மட்டும் செருகினேன். லினக்ஸ் என்பதால் அடாப்டரில் எந்தச் சிப் என்பது உடனே தெரிந்தது:

```
$ sudo dmesg | tail -n 1
usb 1-2: ch341-uart converter now attached to ttyUSB0
```

CH340 குடும்பம். மேலே பார்த்தால் CH340G என்றே அச்சடித்திருந்தது. போர்டில் ஒரு மஞ்சள் ஜம்பர், இரண்டு நிலை: 5V, 3V3. ஜம்பர் 3V3-இல்தான் இருந்தது. தம்பி சரியாகத்தான் போட்டிருந்தார்.

"3.3-ல தானுங்கண்ணா போட்டிருக்கேன்" என்றார். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, கறுப்பு முனையை GND-யிலும் சிவப்பு முனையை VCC என்று எழுதிய காலிலும் வைத்தேன். 3.3. சிவப்பு முனையை TX-க்கு நகர்த்தினேன். 4.98.

இந்த ஆய்வில் எடுத்த அளவீடுகளில் இதுதான் பிரதானம், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சீரியல் லைனில் ஒன்றும் போகாதபோது TX சும்மா இருக்காது, உயர்நிலையில் நிற்கும். ஒரு பைட் தொடங்கும்போதுதான் முதலில் தாழும். ஆகவே எதுவும் அனுப்பாமல் TX-ஐ அளந்தால் மீட்டர் காட்டுவது அந்த அடாப்டரின் லாஜிக் உயர்நிலை வோல்ட்டேஜ்தான். இதற்கு ஆஸிலோஸ்கோப் வேண்டாம். நூற்றுச் சொச்ச ரூபாய் மீட்டரே போதும். அளக்கும்போது தரவு ஓடக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. ஓடினால் மீட்டர் சராசரியைக் காட்டும், 5 வோல்ட் அடாப்டர்கூட 3 சொச்சம் காட்டி ஏமாற்றிவிடும்.

சரி, ஜம்பர் 3.3-இல் இருக்கும்போது TX எப்படி 5 வோல்ட் கொடுக்கிறது? மீட்டரைத் தொடர்பு பார்க்கும் பீப் நிலைக்கு மாற்றி, யூ.எஸ்.பி.யைக் கழற்றிவிட்டு, CH340G-இன் 16-ஆம் காலையும் யூ.எஸ்.பி.யின் 5 வோல்ட் முனையையும் தொட்டேன். ஜம்பர் எந்த நிலையில் இருந்தாலும் பீப் வந்தது. 16-ஆம் கால்தான் அந்தச் சிப்பின் சப்ளை. அதாவது இந்தப் போர்டில் சிப் எப்போதும் 5 வோல்ட்டில்தான் ஓடுகிறது, அதனால் TX-உம் 5 வோல்ட்தான். ஜம்பர் மாற்றுவதெல்லாம் தலைப்பின் VCC காலில் வெளியே என்ன வோல்ட்டேஜ் கொடுப்பது என்பதை மட்டுமே.

CH340G-ஐ 3.3 வோல்ட்டில் ஓட்ட வழியுண்டு. அப்போது 16-ஆம் காலுக்கு 3.3 வோல்ட் கொடுத்து, 4-ஆம் காலான V3-ஐயும் அதோடு சேர்க்க வேண்டும். 5 வோல்ட்டில் ஓட்டினால் V3-இல் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் மட்டும் GND-க்குப் போகும். சில அடாப்டர்களில் ஜம்பர் இந்த வேலையைச் சரியாகச் செய்யும். FT232RL சிப் வைத்த பல போர்டுகளில் ஜம்பர் VCCIO என்ற காலுக்குப் போகும், அங்கே லாஜிக் நிலையே மாறும். வெளியிலிருந்து பார்க்க எல்லா ஜம்பரும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் ஜம்பரின் பக்கத்தில் எழுதியிருப்பதை நம்பாமல் TX-ஐ அளந்துவிடுவதே நல்லது.

மீதமிருந்த பழைய அடாப்டரையும் எடுத்து அளந்தேன். அது CP2102. அதன் TX 3.3 வோல்ட். ஆனால் அதன் தலைப்பில் 5V என்று ஒரு கால் இருக்கிறது, அங்கே 5 வோல்ட் வருகிறது. ஆக ஒரு அடாப்டர் வெளியே 5 வோல்ட் கொடுத்துக்கொண்டு 3.3-இல் பேசுகிறது, இன்னொன்று வெளியே 3.3 கொடுத்துக்கொண்டு 5-இல் பேசுகிறது. சப்ளைக் காலின் எண்ணை வைத்து TX-இன் எண்ணைச் சொல்லவே முடியாது.

அந்த 5 வோல்ட் பெட்டிக்குள் போய் என்ன செய்கிறது

STM32F103-இன் எல்லாக் கால்களும் ஒரே இனம் அல்ல. டேட்டாஷீட்டின் கால் அட்டவணையில் சில கால்களுக்கு எதிரே FT என்று இருக்கும். அவை 5 வோல்ட் தாங்கும். PA9, PA10 இரண்டும் FT. PB10, PB11-உம் FT. ஆனால் PA2, PA3 அப்படியல்ல. அவை அனலாக் அளவீட்டுக்கும் பயன்படும் கால்கள், 5 வோல்ட் தாங்கும் அமைப்பு அங்கே இல்லை. அந்தக் கால்களில் வரக்கூடிய உச்ச வோல்ட்டேஜ் 4.0 என்று டேட்டாஷீட் எல்லை போடுகிறது, உள்ளே தள்ளப்படும் மின்னோட்டத்துக்கு 5 மில்லி ஆம்பியர் எல்லை. "இந்தச் சிப் 5 வோல்ட் தாங்கும்" என்று பொதுவாகச் சொல்வதைக் கேட்டு எல்லாக் காலிலும் மாட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள்.

FT இல்லாத காலுக்குள் 3.3 வோல்ட் லைனை நோக்கி ஒரு பாதுகாப்பு டயோடு இருக்கிறது. காலின் வோல்ட்டேஜ் 3.3-ஐவிடச் சுமார் 0.6 கூடினால் டயோடு திறந்து, மிகையான மின்னோட்டத்தை 3.3 லைனுக்குள் விட்டுவிடும். வரப்பு தாண்டிய தண்ணீர் அடுத்த வயலுக்குள் இறங்குவது போலத்தான். நிலைமின்சாரம் எப்போதாவது தாக்கினால் காப்பாற்றத்தான் அந்த டயோடு, நாள் முழுக்க மின்சாரம் சுமக்க அல்ல.

எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க மீட்டரை மில்லி ஆம்பியர் நிலையில் வைத்து, அடாப்டரின் TX-க்கும் பெட்டியின் RX-க்கும் நடுவே தொடராகச் சேர்த்தேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, தரவு எதுவும் போகவில்லை. 8 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேலே. எல்லை 5. கவனிக்க வேண்டியது, இது தரவு போகும்போது மட்டும் வரும் ஓட்டம் அல்ல. லைன் ஓய்வில் உயர்நிலையில் நிற்பதால், ஒன்றுமே அனுப்பாத நேரத்தில்தான் இந்த ஓட்டம் இடைவிடாமல் போகிறது. அடாப்டரைச் செருகி வைத்துவிட்டுப் போன ஒவ்வொரு இரவும் PA3-க்குள் அளவுக்கு மீறிய ஓட்டம் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

கறுப்புக் கட்டத்தின் கதை

இப்போது பெட்டியை அணைத்தேன், அடாப்டரைக் கழற்றவில்லை. எல்.சி.டி. அணைந்தது, பின்விளக்கும் அணைந்தது. பார்த்தவர் யாரும் பெட்டிக்குக் கரண்ட் இல்லை என்றே சொல்வார்கள். ஆனால் மூடியைத் திறந்து பார்த்தால் நீலப் போர்டின் சிவப்பு எல்.இ.டி. மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. 3.3 வோல்ட் லைனை அளந்தால் 2.1 வோல்ட்.

அடாப்டரின் TX, டயோடு வழியாக முழுப் போர்டுக்கும் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. STM32F103 தன் சப்ளை 1.9 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இறங்கினால்தான் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். 2.1 அந்த வரம்புக்கு மேலே. சிப் 2.0 வோல்ட் வரை வேலை செய்யக்கூடியதும்கூட. ஆகவே பெட்டியை அணைத்தபோது சிப் அணையவே இல்லை. பெட்டியின் புரோகிராம் 8 மெகாஹெர்ட்ஸில், பெரும்பாலும் தூக்கத்திலேயே இருக்கும்படி எழுதியது. அதனால் இந்தச் சொற்ப மின்சாரமே அதற்குப் போதுமாகிவிட்டது.

மறுபடி பெட்டியைப் போட்டால் என்ன ஆகும்? எல்.சி.டி. உண்மையாகவே அணைந்து எழுந்திருக்கிறது, அதற்குத் தொடக்க அமைப்புக் கட்டளைகள் மறுபடி வேண்டும். அவை வராத எல்.சி.டி. மேல் வரியில் கறுப்புக் கட்டங்களைக் காட்டும். ஆனால் சிப்போ ரீசெட் ஆகவில்லை. அதன் பார்வையில் எல்.சி.டி.யை எப்போதோ தயார் செய்தாயிற்று, எண்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. எத்தனை டிஸ்ப்ளே மாற்றினாலும் கட்டம் வரத்தான் செய்யும். ஷிப்ட் கணக்கு பூஜ்யமாகாததற்கும் இதுவே காரணம். புரோகிராம் தொடங்கும்போதுதான் அது பூஜ்யமாகும், புரோகிராம் தொடங்கவே இல்லையே.

அடாப்டரைக் கழற்றிவிட்டு அணைத்துப் போட்டேன். எல்.சி.டி. எழுத்துகளோடு வந்தது, ஷிப்ட் கணக்கு பூஜ்யம். கழற்றி வைத்திருந்த பழைய டிஸ்ப்ளேயை மாட்டிப் பார்த்தோம், அதுவும் நன்றாகவே ஓடியது. பக்கத்தில் நின்ற ஓனர், "அப்ப டிஸ்ப்ளே மேல ஒரு குத்தமும் இல்லீங்களா?" என்றார். இல்லை என்றேன்.

இங்கே ஒன்றை நேர்மையாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். லாஜிக் நிலையைப் பொருத்துவது ஒரு காரியம், அணைந்த போர்டுக்குக் கால் வழியாகக் கரண்ட் ஏறாமல் தடுப்பது இன்னொரு காரியம். பழைய CP2102-ஐச் செருகி, பெட்டியை அணைத்துப் பார்த்தேன். 3.3 லைனில் 1.4 வோல்ட் இருந்தது. வரம்புக்குக் கீழே இருப்பதால் சிப் ரீசெட் ஆனது, கட்டம் வரவில்லை. ஆனால் கரண்ட் ஏறவே இல்லை என்று சொல்ல முடியாது. போர்டு இன்னும் குறைவாக மின்சாரம் இழுத்தால் 3.3 வோல்ட் அடாப்டரோடுகூட இதே கட்டம் வந்திருக்கும். FT கால்களும் இதற்கு விலக்கல்ல. அவற்றின் எல்லை சப்ளையைவிட 4 வோல்ட் கூடுதல் வரை என்று டேட்டாஷீட் சொல்கிறது. போர்டு அணைந்து சப்ளை பூஜ்யமாக இருக்கும்போது அங்கேயும் 5 வோல்ட் கொடுக்கக் கூடாது.

பதில் சொல்லாத பெட்டி

மூன்றாவது புகாரில் வந்த பெட்டிதான் வருத்தம். அடாப்டர் சரியா என்று முதலில் பார்த்தோம். அடாப்டரின் TX-ஐயும் RX-ஐயும் ஒரு கம்பியால் சேர்த்துவிட்டு டெர்மினலைத் திறந்தால், தட்டச்சு செய்வது திரும்பி வர வேண்டும்:

```
picocom -b 115200 /dev/ttyUSB0
```

தட்டியது வந்தது. அடாப்டர் நலம். பெட்டியிலிருந்து வரும் வரியும் வருகிறது, ஆகவே GND-யும் வேகமும் சரி. அப்படியென்றால் ஒரு திசை மட்டும் அடைபட்டிருக்கிறது.

TX-ஐ மறுபடி அளந்தேன். பெட்டியில் செருகாதபோது 4.98, செருகியதும் 0.9. நல்ல பெட்டியில் செருகினால் 4-க்குச் சற்றுக் கீழே நிற்கும், டயோடு இழுப்பதால். இங்கே 0.9-க்கு இறங்குகிறது என்றால் PA3 உள்ளே GND-யை நோக்கி உடைந்துவிட்டது. சிப்பின் மேல் விரல் வைத்தால் மற்றப் பெட்டிகளில் இல்லாத சூடு தெரிந்தது. PA2 தனிக் கால் என்பதால் அனுப்புவது மட்டும் தப்பித்தது. போர்டை மாற்றினோம்.

இந்த ஒருதிசைக் கோளாறுதான் பலரைக் குழப்பும். பெட்டி அனுப்பும் 3.3 வோல்ட்டை 5 வோல்ட் CH340 உயர்நிலை என்று எளிதாகப் படித்துவிடும், 2 வோல்ட்டுக்கு மேல் வந்தாலே அதற்குப் போதும். அதனால் திரையில் எழுத்து தெளிவாக வருகிறது, வந்ததும் "லெவல் எல்லாம் சரி" என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. படிப்பது சரியாக இருப்பதற்கும் எதிர்த்திசையில் கால் வதைபடாமல் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

தலைகீழான நிலையும் உண்டு. 5 வோல்ட்டில் ஓடும் ATmega328P போர்டும் 3.3 வோல்ட் அடாப்டரும். அங்கே சேதம் வேறு பக்கம் நடக்கும், ஏனென்றால் இப்போது போர்டுதான் 5 வோல்ட் அனுப்புகிறது, அடாப்டரின் RX அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். CP2102 தாங்கும். அடாப்டர் அனுப்பும் 3.3-ஐ ATmega படிக்குமா? அதன் உயர்நிலை வரம்பு சப்ளையில் 0.6 பங்கு, அதாவது 3.0 வோல்ட். 0.3 வோல்ட் இடைவெளியில் படித்துவிடும். மேசைமேல் போதும். தறிக்குடோனில் மோட்டார்களுக்கு நடுவே நீளக் கேபிளில் அந்த 0.3-ஐ நம்ப மாட்டேன்.

என்ன செய்தோம்

புதிய அடாப்டர்களைத் தூக்கி எறிய மனம் வரவில்லை, அவசியமும் இல்லை. ட்ரேஸை வெட்டி 16-ஆம் காலை 3.3-க்கு மாற்றலாம், ஆனால் அந்த நுண்ணிய கால்களில் சால்டர் அயர்ன் வைப்பதைவிடக் கேபிளில் இரண்டு ரெசிஸ்டர் வைப்பது சுலபம். அடாப்டரின் TX-இலிருந்து 1 கிலோ ஓம் தொடராக, அதன் மறுமுனையிலிருந்து GND-க்கு 2 கிலோ ஓம். இரண்டும் சேரும் புள்ளி பெட்டியின் RX-க்கு.

```
TX (5V) ──[1k]──┬── RX (PA3)
                │
               [2k]
                │
GND ────────────┴── GND

5 × 2 / (1 + 2) = 3.33 V
```

லேப்டாப்பின் யூ.எஸ்.பி. 5.25 வரை ஏறினாலும் காலில் 3.5-தான் வரும், 4.0-க்கு நன்றாகக் கீழே. மாட்டிய பின் அளந்தபோது 3.3. மீட்டரைத் தொடராகச் சேர்த்துப் பார்த்தால் காலுக்குள் போகும் ஓட்டம் மீட்டரில் தெரியாத அளவு. பெட்டியை அணைத்தால் 3.3 லைனில் 1 வோல்ட் சொச்சம் மட்டும். சிப் ஒழுங்காக ரீசெட் ஆனது, கட்டம் வரவில்லை. பெட்டி அனுப்பும் திசையில் ஒன்றும் வைக்கவில்லை, அங்கே தேவையில்லை.

ஏன் 1 கிலோவும் 2 கிலோவும், ஏன் 10-உம் 20-உம் இல்லை என்று தம்பி கேட்டார், நல்ல கேள்வி. விகிதம் ஒன்றுதான், வோல்ட்டேஜும் ஒன்றுதான் வரும். ஆனால் கேபிளுக்கும் காலுக்கும் கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ் உண்டு, 2 மீட்டர் கேபிளுக்கு 200 பைக்கோபாரட் என்று வைத்துக்கொள்ளலாம். ரெசிஸ்டர் பெரிதானால் சிக்னல் மெதுவாக ஏறி இறங்கும். 115200 வேகத்தில் ஒரு பிட் 8.7 மைக்ரோ செகண்டுதான் நிற்கும். 1-க்கு 2 என்றால் ஏறும் தாமதம் அதில் ஒன்றிரண்டு சதவீதம், 10-க்கு 20 என்றால் பதினைந்து சதவீதத்துக்குப் பக்கம். மேசையில் அதுவும் ஓடும். தறிகள் ஓடும் இடத்தில் லைன் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவு இரைச்சல் குறையும்.

பழைய CP2102-இன் கேபிளிலும் TX-இல் ஒரு 1 கிலோ ஓமைத் தொடராக வைத்தோம். அங்கே வோல்ட்டேஜ் இறக்கத் தேவையில்லை. அணைந்த பெட்டிக்குள் கரண்ட் ஏறுவதைக் குறைக்கத்தான்.

இன்னொரு வழக்கத்தையும் மாற்றச் சொன்னேன். அந்தக் குடோனில் லேப்டாப் சார்ஜர் எர்த் இல்லாத இரண்டு கால் பிளக்கில் போடப்பட்டிருந்தது. அப்படிப் போட்டால் லேப்டாப்பின் GND மிதக்கும். உலோக ஓரத்தைத் தொட்டால் விரலில் சுறுசுறுவென்று தெரிவது அதனால்தான். RX முதலில் தொட்டு GND பிறகு சேர்ந்தால் அந்தக் கசிவு கால் வழியாகத்தான் போகும். இப்போது தலைப்பில் GND கால் மற்ற இரண்டையும்விட நீளமாக இருக்கிறது, செருகும்போது அதுதான் முதலில் தொடும். கணக்கு இறக்கும்போது சார்ஜரையும் கழற்றிவிடுகிறார்கள்.

அடுத்து செய்யும் பெட்டிகளில் PA9, PA10 சர்வீஸ் தலைப்புக்கு வந்துவிட்டன. ஆர்.எஸ்.485 பக்கத்தில் 3.3 வோல்ட்டில் ஓடும் சிப் போட்டு, அதை PA2, PA3-க்கு நகர்த்தியாயிற்று. வெளி ஆள் எதை வேண்டுமானாலும் செருகக்கூடிய இடத்தில் தாங்கும் கால், உள்ளேயே பூட்டிய இடத்தில் தாங்காத கால். 1 கிலோ ஓம் போர்டிலேயே இருக்கிறது.

மீதமிருந்த பெட்டிகளும் பல இரவு 5 வோல்ட் குடித்தவைதானே, அவை நன்றாக இருக்கின்றனவா? ஓனர் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். PA3 எந்த இழுப்பும் இல்லாத மிதக்கும் உள்ளீடாக அமைந்திருப்பதால் சோதிப்பது எளிது. பெட்டியைப் போட்டு, அடாப்டரைக் கழற்றி, RX-க்கும் GND-க்கும் நடுவே 100 கிலோ ஓம் வைத்து அதன்மேல் வோல்ட்டேஜ் பார்த்தோம். நல்ல காலில் கசிவு 1 மைக்ரோ ஆம்பியருக்குள் இருக்க வேண்டும், அதாவது மீட்டரில் 0.1 வோல்ட்டுக்குள். எல்லாம் அதற்குள் நின்றன, ஒன்று மட்டும் 0.6 காட்டியது. அது இன்னும் கட்டளைக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் ஷிப்ட் முடிந்து தறி நின்றதும் அந்தப் போர்டையும் மாற்றிவிட்டு வந்தோம்.